முகச் சிவப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்

கர்நாடகத்தின் நாட்டிய நாடகமான யட்சகானத்தில், குறிப்பாகத் தென்திட்டு மரபில், அரக்க வேடத்தைக் கன்னத்திலேயே பிடித்துவிடலாம். அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்துப் புள்ளி புள்ளியாக வைத்த ‘சுட்டி’ வெள்ளை முட்களாக நீட்டிக்கொண்டிருக்கும். அபிமன்யு போன்ற இளம் வீரனுக்கு அது கிடையாது. முகம் வழவழப்பாகவே இருக்கும்.

அதேபோல முகத்தை மட்டும் வைத்து வேடத்தைப் பிடிக்கலாம் என்று கேரளத்தின் கண்ணூர்ப் பக்கம், தெய்வ வேடமிட்டு ஆடும் தெய்யம் பார்க்கப் போனால் குழம்பிவிடுவீர்கள். அங்கே பகவதி முகமும் சிவப்புதான், எனவே சிவப்பு என்றால் அரக்கன் என்ற கணக்கு செல்லாது. முதலில் தலையைப் பாருங்கள். பறச்சினிக்கடவு கோயிலில் முத்தப்பன் என்ற தெய்வம் இரண்டு வடிவில் ஆடுகிறார். மீன் வடிவ மகுடம் என்றால் திருமால் அம்சமான திருவப்பன. பிறை வடிவம் என்றால் சிவ அம்சமான வெள்ளாட்டம். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்தும் இந்த வித்தியாசம் தெரியும்.