பிரஷர் நார்மல் என்று அனுப்பிவிடாதீர்கள்

எங்கள் ஓ.பி.யில் பயிற்சிக்கு வரும் ஆப்டோமெட்ரி பிள்ளைகளை இருபது வருடமாகப் பார்க்கிறேன். லென்ஸ் எண்ணை மாற்றி எழுதுவது, சீட்டைத் தொலைப்பது எல்லாம் மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். பார்வை நரம்பு மெல்லத் தேயும் குளுக்கோமா நோயில் செய்யும் தவறுகள் அப்படியல்ல. நோயாளிக்கு வலியில்லை, நேர்ப்பார்வையும் தெளிவாக இருக்கும். அதனால் தவறு நடந்தது வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு எண்ணை நம்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். காற்று ஊதிக் கண் அழுத்தத்தை அளக்கும் மெஷினில் 17 என்று வரும். இயல்பு 10 முதல் 21 வரை என்று பாடத்தில் படித்திருப்பார்கள். "பிரஷர் நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். 46 வயது தையல்காரர் ஒருவர் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். மாலை நான்கு மணி, நல்ல கூட்டம். இரண்டு கண்ணிலும் 17. பிளஸ் 1.50 எழுதிக் கொடுத்தேன். கண் பாப்பாவைச் சொட்டு விட்டு விரித்து பார்வை நரம்பைப் பார்க்கும்படி டாக்டரிடம் அனுப்பவில்லை.

மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார். தெருவோரம் நின்ற பைக்கில் இடது பக்கமாக அடிக்கடி மோதிக்கொள்வதாகச் சொன்னார். எழுத்துப் பலகையில் கடைசி வரியை அப்போதும் படித்தார். ஆனால் இடது கண்ணின் பார்வை நரம்பில் நடுக்குழி, அதாவது கப், நரம்பு வட்டத்தின் அகலத்தில் 0.9 பங்குக்கு அகன்றிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது 0.3, 0.4 அளவில்தான் இருக்கும். வலது கண்ணில் 0.6. சுற்றுப்பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்டில் இடது கண்ணுக்கு நடுவில் சின்ன வட்டம் மட்டுமே மிஞ்சியிருந்தது. நல்ல கண் ஈடுகட்டியதால் அவருக்குக் குறை தெரியவே இல்லை.

அன்றைக்கு 17 எப்படி வந்தது? அவருடைய கருவிழியின் தடிமன் 478 மைக்ரான். வழக்கமாக 520, 540 இருக்கும். மெலிந்த கருவிழி சுலபமாக அமுங்கும், அதனால் மெஷின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இன்னொன்று, கண் அழுத்தம் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. கருவிழியைத் தொட்டு அளக்கும் கோல்ட்மேன் கருவியில் காலை எட்டு மணிக்கு அவருக்கு 24 வந்தது, மாலையில் 18. நான் அளந்தது இறங்கியிருந்த நேரம். வேறு சிலருக்கு எந்த நேரம் அளந்தாலும் 21-ஐத் தாண்டாது, நரம்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.

ஆகவே எண் எதுவானாலும் நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணின் கப் அளவிலும் 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவே சந்தேகத்துக்குப் போதும். போன நரம்பு திரும்ப வராது. சொட்டு மருந்தோ லேசரோ அறுவையோ, எல்லாமே அழுத்தத்தை இறக்கி மிஞ்சியதைக் காப்பதற்குத்தான்.

"வீட்டில் யாருக்காவது குளுக்கோமா உண்டா?"

இப்படிக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பெயரையே பலர் கேள்விப்பட்டதில்லை. தையல்காரரும் இல்லை என்றுதான் சொன்னார். இரண்டாம் முறை வேறு மாதிரி கேட்டேன். வீட்டில் யாராவது தினமும் கண்ணுக்குச் சொட்டு விடுகிறார்களா? கண்புரை ஆபரேஷன் செய்தும் பார்வை வராமல் போனவர்கள் உண்டா? "அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் சுத்தமாகத் தெரியவில்லை, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்" என்றார்.

நெதர்லாந்தில் ரோட்டர்டாமில் நடந்த ஆய்வில், நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவுகளுக்கு வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம் என்று தெரிந்தது. மற்றவர்களின் உறவுகளுக்கு 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. பெற்றோரைவிட உடன்பிறந்தவருக்கு இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். அதனால் ஒருவருக்கு நோய் உறுதியானதும், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், என்ன வயது என்று சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாற்பதை நெருங்கியவர்களுக்கு முழுப் பரிசோதனை வேண்டும், அழுத்தம் மட்டும் போதாது. வீட்டில் யாருக்காவது இளவயதிலேயே வந்திருந்தால் அதற்கும் முன்பே.

பி.பி.யோடு குழப்புவது

பி.பி. மாத்திரை கண் அழுத்த நோய்க்கு மருந்தல்ல. இதைச் சொல்லி அனுப்புங்கள்.

ஸ்டீராய்டு சொட்டு

அரிப்புக்கு மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் விடுகிறார்களா என்று கேளுங்கள். அழுத்தத்தை ஏற்றும்.

கோணம் பார்க்காமல் விரிப்பது

விரிக்கும் சொட்டு விடுவதற்கு முன் ஸ்லிட் லேம்ப்பில் கருவிழியின் ஓரத்தைப் பாருங்கள். கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறை ஒடுங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் விடக்கூடாது. கண்ணின் உள்நீர் வடியும் கோணம் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் கடும் வலியும் வாந்தியும் வரும்.

தையல்காரரின் தங்கையை இரண்டு முறை போன் போட்டுத்தான் வரவழைத்தோம். வயது 41. "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே" என்றபடியே உட்கார்ந்தார். அழுத்தம் 19, கப் 0.7, ஃபீல்டு டெஸ்டில் இன்னும் எந்தக் குறையும் இல்லை. அன்று இரவிலிருந்து சொட்டு விடத் தொடங்கினார். பதினான்கு வருடம் ஆகிறது, இன்றும் அந்த ஃபீல்டு அப்படியே இருக்கிறது.