எல்.சி.யில் ஆவணங்களை ஒப்படைக்கும் கடைசி நாளைக் கணக்கிடும் முறை

எல்.சி. எனப்படும் லெட்டர் ஆஃப் கிரெடிட், குறிப்பிட்ட ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும் உறுதி. அதன் கீழ் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணங்களை மட்டுமே பார்க்கிறது. அவை ஒரு நாள் தாமதமானாலும் பணம் தர வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லாமல் போகிறது. அதன்பின் பணம் கிடைப்பது, தாமதத்தைப் பொருட்படுத்தாமல் ஆவணங்களை ஏற்க வாங்குபவரும் அவருடைய வங்கியும் சம்மதிப்பதைப் பொறுத்தது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வழியாக ஜெர்மனிக்குப் பின்னலாடை அனுப்பும் ஒருவருக்கு வந்த எல்.சி. என்று ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு, கடைசி நாளைக் கணக்கிடலாம்.

படி 1: மூன்று கட்டங்களைத் தேடி எடுங்கள்

எல்.சி. வங்கிகளுக்கிடையே ஸ்விஃப்ட் செய்தியாக வருகிறது. வங்கி கொடுக்கும் அதன் நகலில் தேதிகள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும்.

```
31D: 260430 INDIA
44C: 260418
48:  15
```

`44C` என்பது சரக்கு கப்பலேற வேண்டிய கடைசி நாள், இங்கே 2026 ஏப்ரல் 18. `48` என்பது கப்பலேறிய பின் ஆவணங்களைக் கொடுக்க உள்ள நாட்கள். `31D` என்பது எல்.சி. காலாவதியாகும் நாளும் இடமும். இடத்தைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். INDIA என்று இருந்தால், எல்.சி. குறிப்பிடும் இந்திய வங்கியில் ஏப்ரல் 30க்குள் கொடுத்தால் போதும். GERMANY என்று இருந்தால், ஆவணங்கள் அந்த நாளுக்குள் ஜெர்மன் வங்கிக்கே போய்ச் சேர வேண்டும், கூரியர் தாமதமும் உங்கள் கணக்கில்தான் விழும். அப்படி இருந்தால், துணி வெட்டத் தொடங்கும் முன்பே திருத்தம் கேளுங்கள்.

`48` கட்டமே இல்லாவிட்டால், எல்.சி.க்குப் பொருந்தும் சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600இன்படி 21 நாட்கள் என்று கொள்ள வேண்டும்.

படி 2: கப்பலேறிய நாளைச் சரியாகக் குறியுங்கள்

எண்ணத் தொடங்கும் நாள், சரக்குக்காகக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங் கைக்கு வந்த நாளும் அல்ல, கன்டெய்னரை ஒப்படைத்த நாளும் அல்ல. அந்தப் பில்லில் "ஷிப்டு ஆன் போர்டு" என்று தனியாகத் தேதியிட்ட குறிப்பு இருந்தால், அதுவே கப்பலேறிய நாள். சரக்கு ஏறிவிட்டதாக முன்பே அச்சிட்டு, தனிக் குறிப்பு ஏதும் இல்லாதபோதுதான் பில் வழங்கிய தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் பில் வழங்கிய தேதி ஏப்ரல் 12, ஆன் போர்டு குறிப்பு ஏப்ரல் 10. பன்னிரண்டிலிருந்து எண்ணுபவர், தமக்கு இல்லாத இரண்டு நாட்களை இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்.

படி 3: இரண்டு எல்லைகளில் முந்தியதை எடுங்கள்

கப்பலேறிய நாளைச் சேர்க்காமல் எண்ணினால், 15ஆம் நாள் ஏப்ரல் 25. காலாவதி ஏப்ரல் 30. முந்தியது 25 என்பதால் அதுவே கடைசி நாள். சரக்கு ஏப்ரல் 18 அன்று ஏறியிருந்தால் 15 நாட்கள் மே 3 வரை போகும், ஆனாலும் 30ஆம் தேதியே கதவு மூடிவிடும். அப்போது உண்மையில் கிடைப்பது 12 நாட்கள்தான்.

படி 4: வங்கி விடுமுறையைப் பாருங்கள்

2026 ஏப்ரல் 25 நான்காவது சனிக்கிழமை, இந்திய வங்கிகள் மூடியிருக்கும். ஆவணம் பெறும் வங்கி வழக்கமான விடுமுறையால் மூடியிருந்தால், கடைசி நாள் அடுத்த வேலை நாளுக்கு, அதாவது 27 திங்கட்கிழமைக்கு நகர்கிறது. இந்தச் சலுகை ஒப்படைப்புக்கும் காலாவதிக்கும் மட்டுமே உண்டு. `44C`இல் உள்ள நாள் ஞாயிற்றுக்கிழமையானாலும் நகராது.

படி 5: திருத்துவதற்கு நாள் விட்டு ஒப்படையுங்கள்

ஒப்படைத்த நாளுக்கு மறுநாள் முதல் ஐந்து வங்கி வேலை நாட்கள், ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு உண்டு. ஏப்ரல் 27 அன்று கொடுத்துவிட்டு, இன்வாய்ஸில் பொருள் விவரம் எல்.சி.க்கு முரணாக இருப்பதாக வங்கி பிறகு சொன்னால், திருத்திய இன்வாய்ஸைக் கொடுக்கக் கெடு முடிந்திருக்கும். ஏப்ரல் 17 வெள்ளியன்றே கொடுத்தால், வேறு விடுமுறை இல்லாத பட்சத்தில், ஐந்து நாட்கள் 23 வியாழனோடு முடியும். வங்கி முழு அவகாசத்தையும் எடுத்துக்கொண்டாலும், திருத்துவதற்கு 24 வெள்ளியும் 27 திங்களும் மிஞ்சும். எனவே பில் ஆஃப் லேடிங்குக்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே மற்ற ஆவணங்களைத் தயாராக்கி, அவற்றின் நகல்களை வங்கியில் காட்டிப் பிழை பார்க்கச் சொல்வது நல்லது.

எப்படியும் 27 வரை போய்விட்டால், விடுமுறையால் நீண்ட கெடுவுக்குள்தான் ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டன என்று, ஜெர்மன் வங்கிக்குச் செல்லும் முகப்புக் கடிதத்தில் உங்கள் வங்கி எழுதியிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த வரியை எழுத வேண்டும் என்பதும் யூ.சி.பி. 600 விதியே.