லேத் பட்டறைக்கு அப்ரண்டிஸ் கேட்டு அனுப்பும் குறுஞ்செய்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் பட்டறை உரிமையாளர்கள் அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன: "அப்ரண்டிஸ் தேவை. மாதம் 15,000 வரை சம்பாதிக்கலாம். சி.என்.சி உட்பட எல்லா வேலையும் கற்றுத் தரப்படும். உடனே அழைக்கவும்." இதைப் பார்த்துப் பத்துப் பேர் அழைப்பார்கள், மூன்று பேர் வந்து சேருவார்கள், இரண்டாம் மாத முடிவில் ஒருவர்கூட இருக்க மாட்டார். குறை பையன்களிடம் இல்லை. செய்தியில் உள்ள இரண்டு வாக்கியங்கள்தான் அவர்களை வரவழைக்கின்றன, அதே இரண்டு வாக்கியங்கள்தான் திருப்பி அனுப்பவும் செய்கின்றன.

முதல் தவறு "வரை" என்ற சொல்லில் இருக்கிறது. அந்த 15,000 எப்படி வருகிறது என்று பிரித்துப் பார்ப்போம். உதவித்தொகை 11,000. ஒரு நாளும் விடுப்பு எடுக்காவிட்டால் வருகைப்படி 1,500. மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்தால் 2,500. மாணவர் ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் வருகைப்படி முழுதும் போய்விடும். அந்த மாதம் ஆர்டர் குறைவாக இருந்தால் ஓவர்டைமும் கிடையாது. மிஞ்சுவது 11,000. அதிலும் மதியச் சாப்பாட்டுக்கு 1,200 பிடித்தால் கைக்கு வருவது 9,800. வீட்டில் 15,000 என்று சொல்லிவிட்டு வந்தவர், முதல் மாதம் 9,800 வாங்கும்போது தான் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். நியாயமும் அவர் பக்கம்தான். பட்டறை உண்மையில் கொடுப்பது நல்ல தொகையாக இருந்தாலும் அந்த எண்ணம் மாறாது.

ஆகவே செய்தியில் போட வேண்டியது உறுதியான தொகை மட்டுமே. பிடித்தம் இருந்தால் எதற்கு, எவ்வளவு, பிடித்தபின் கைக்கு எவ்வளவு என்பதை அதே வரியில் எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்த வழியில் கொடுப்பீர்கள் என்பதையும் சேருங்கள். தேதி எழுதாத பட்டறையில் உதவித்தொகை தள்ளித் தள்ளிப் போகும் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள். இடையில் தொகையை உயர்த்துவதாக இருந்தால், "திறமைக்கேற்ப உயர்வு" என்று விடாமல் எந்த மாதத்திலிருந்து எவ்வளவு என்று சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: அப்ரண்டிஸுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையும் வேலை நேர வரம்பும் உங்கள் ஊரில் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டிருந்தால், நீங்கள் எழுதும் தொகை அதற்குக் கீழே போகக் கூடாது, ஓவர்டைமும் அந்த வரம்புக்குள் வர வேண்டும்.

இரண்டாம் தவறு "எல்லா வேலையும் கற்றுத் தரப்படும்" என்பது. லேத், மில்லிங், சி.என்.சி, கிரைண்டிங் என்று மெஷின்களை வரிசையாக எழுதுவதும் இதே வகைதான். மெஷினின் பெயரை எழுதினால் உங்களிடம் அந்த மெஷின் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். மாணவர் அதில் என்ன செய்யக் கற்பார் என்பது தெரியாது. அந்தச் செய்தியை மாணவர்களுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்பவர் பயிற்சி நிலைய ஆசிரியர். வருகிற அப்ரண்டிஸ் ஆறு மாதமும் பிசிறு எடுத்துக்கொண்டும் சிப் அள்ளிக்கொண்டும்தான் இருப்பாரா என்பதுதான் அவருடைய சந்தேகம். அதற்குப் பதில் செய்தியிலேயே இருக்க வேண்டும்.

திறமையை ஒரு செயல், ஓர் அளவு, ஒரு காலம் என்ற மூன்றாலும் சொல்லிப் பாருங்கள். "லேத் கற்கலாம்" என்பதற்குப் பதில், "6 மாதத்தில் டிராயிங் பார்த்துத் தனியாக ஜாப் கட்டி, 0.05 மி.மீ.க்குள் டர்னிங் செய்வீர்கள்" என்று எழுதுங்கள். "அளவுக் கருவிகள்" என்பதைவிட "0.01 மி.மீ. மைக்ரோமீட்டரில் அளவு எடுப்பது" தெளிவானது. சி.என்.சி என்று எழுதுவதாக இருந்தால் எதுவரை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜாப் ஏற்றி இறக்குவது ஒரு நிலை. இன்செர்ட் தேய்ந்து வெளிவிட்டம் 0.04 மி.மீ. கூடுதலாக வரும்போது, ஆஃப்செட்டில் அந்த அளவைக் குறைத்து அடுத்த ஜாப்பைச் சரியாக எடுப்பது அடுத்த நிலை. புரோகிராம் எழுதுவது அதற்கும் மேலே. மூன்றையும் "சி.என்.சி பயிற்சி" என்று ஒன்றாக எழுதினால் மாணவர் மூன்றாவதை எதிர்பார்த்து வருவார், பட்டறையோ முதலாவதைத்தான் கொடுக்கும்.

எழுதியதைக் கொடுக்க முடியுமா என்பதை அனுப்புவதற்கு முன்பே கணக்குப் பாருங்கள். பட்டறையில் ஒரே ஒரு சி.என்.சி மெஷின் இருந்து அதுவும் நாள் முழுக்க ஆர்டரில் ஓடினால், ஒரு புதியவரை அதில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஒரு ஜாப் கெட்டால் நேரமும் இரும்பும் போகும். கற்றுத்தரக்கூடிய மூத்த டர்னர் ஒருவரே இருந்தால் இரண்டு பேருக்குமேல் எடுக்காதீர்கள். நான்கு தாடை சக்கில் ஜாப்பை டயல் கேஜ் வைத்து மையப்படுத்துவது போன்ற வேலையைப் பக்கத்தில் நின்று திருத்தினால்தான் கற்றுக்கொடுக்க முடியும். நான்கு பேர் நின்றால் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

இவற்றைச் சேர்த்து எழுதினால் செய்தி இப்படி வரும் (தொகைகள் உதாரணத்துக்கு):

"லேத் அப்ரண்டிஸ் 2 பேர் தேவை. இடம்: (தெரு, அருகிலுள்ள பேருந்து நிறுத்தம்). டர்னர் அல்லது மெஷினிஸ்ட் முடித்தவர்கள், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் வரலாம். காலம் 12 மாதம். உதவித்தொகை மாதம் 11,000. சாப்பாட்டுக்கு 1,200 பிடித்தபின் கைக்கு 9,800. 7ஆம் மாதம் முதல் 12,500, கைக்கு 11,300. ஒவ்வொரு மாத உதவித்தொகையும் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில். நேரம் காலை 8.30 முதல் மாலை 5 வரை, ஞாயிறு விடுமுறை. கற்பது: 3 மாதத்தில் மைக்ரோமீட்டர் அளவு, டிராயிங் படிப்பது, 6 மாதத்தில் 0.05 மி.மீ.க்குள் டர்னிங், 12 மாதத்தில் த்ரெட் கட்டிங், சி.என்.சி ஆஃப்செட் திருத்தம். புரோகிராமிங் இல்லை. சான்றிதழ் நகல் போதும். கடைசித் தேதி: (நாள், மாதம், ஆண்டு). தொலைபேசி: (எண்)."

"புரோகிராமிங் இல்லை" என்று எழுதப் பலர் தயங்குவார்கள். ஆனால் இல்லாததைச் சொல்லிவிடும்போது, இருப்பதாகச் சொன்ன மற்றதை ஆசிரியர் நம்புகிறார். சான்றிதழ் பற்றிய வரியும் வேண்டும். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருப்பதால், பெற்றோர் முதலில் கேட்பதே அதைத்தான். அசலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்பணம் என்று எதையும் கேட்காதீர்கள்.

அனுப்பும் விதத்திலும் இரண்டு விஷயங்கள் கெடுகின்றன. செய்தியை வண்ணப் படமாக மட்டும் அனுப்பினால் அதிலுள்ள எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, பின்னால் தேடினாலும் கிடைக்காது. எழுத்தாகவே அனுப்புங்கள். எஸ்.எம்.எஸ். வழியாக அனுப்பினால் தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான், அதிலும் கொம்பு, புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "தொழிற்பயிற்சி" நமக்கு 7 எழுத்து, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 13. மேலே உள்ள செய்தி பல துண்டுகளாகிக் கட்டணமும் கூடும். எனவே முழுச் செய்தியையும் வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். எஸ்.எம்.எஸ். கட்டாயம் என்றால் பிரிவு, எத்தனை பேர், கைக்கு வரும் தொகை, தொலைபேசி எண் ஆகிய நான்கை மட்டும் அதில் வையுங்கள்.

கடைசித் தேதியில் ஆண்டையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட செய்திகள் மாணவர் குழுக்களில் மாதக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருக்கும். இடம் நிரம்பியதும், யார் வழியாக அனுப்பினீர்களோ அதே ஆசிரியருக்கு "இரண்டு இடமும் நிரம்பிவிட்டது" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.