கடன் ஆலோசகர்கிட்ட போறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம் கடன்ல மாட்டினவங்களோட உக்காந்து கணக்கு பாக்குறது என் வேலை, இந்த சீசன்லயும் புதுசா வர்றவங்க அதே குழியிலதான் விழறாங்க.

காசு வாங்கிட்டு "ஈஎம்ஐ கட்டாதீங்க"ன்னு சொல்றவங்களை நம்புறது

இதை நினைச்சா இன்னமும் எனக்கு கோவம் வருது. குன்னூர்ல டாக்சி ஓட்டுற ஒரு தம்பிக்கு கிரெடிட் கார்டுல 1,20,000 பாக்கி, மாசம் 3.5 சதவீதம் வட்டி. அதாவது வட்டி 4,200, அதுமேல ஜிஎஸ்டி 756, ஆக அசல்ல ஒரு ரூபா குறையாமலே மாசம் 4,956 போகுது. போன்ல ஒரு செட்டில்மென்ட் கம்பெனி பிடிச்சு, சேர 5,000, மாசாமாசம் 1,500, பேங்குக்கு எதுவும் கட்டாதீங்க நாங்க பாதியா முடிச்சு தர்றோம்னு சொல்லிருக்காங்க. ஆறு மாசத்துல அவங்களுக்கு போனது 14,000. இங்க கார்டு பாக்கி ஒன்றரை லட்சம் தாண்டிருச்சு, 90 நாள் தாண்டினதும் வாராக்கடன்ல போட்டாச்சு, ரெகவரி ஆளுங்க ஸ்டாண்டுக்கே வந்துட்டாங்க. அவன் காட்டின அக்ரிமென்ட்ல கடைசி பக்கத்துல பொடி எழுத்துல "முடிவுக்கு உத்தரவாதம் இல்லை"ன்னு இருந்துச்சு!

முதல்லயே வந்திருந்தா என்ன கேட்டிருப்போம்? பாக்கியை 36 மாச ஈஎம்ஐயா மாத்தி, வட்டியை வருஷத்துக்கு 18 சதவீதமா குறைச்சு, லேட் ஃபீஸை தள்ளுபடி பண்ணுங்கன்னு. பேங்க் ஒத்துக்கிட்டா மாசம் 4,340 கிட்ட, வட்டிமேல ஜிஎஸ்டி தனி. வெறும் வட்டிக்கு போன காசை விட கம்மி, மூணு வருஷத்துல கடனும் முடியும். ஒத்துக்கணும்னு பேங்குக்கு கட்டாயம் இல்ல, அதனால வருமான கணக்கை கையில வெச்சு பேசணும், சீசன்ல எவ்வளவு, மழை மாசத்துல எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி குடுத்தா ஈஎம்ஐயை கட்டுற அளவுக்கு கேக்க முடியும்.

பேங்குகள் நடத்துற நிதி எழுத்தறிவு மையத்துல ஆலோசனைக்கு காசு கிடையாது. மாவட்டத்துல பேங்குகளை ஒருங்கிணைக்கிற லீட் பேங்க் மேனேஜர் ஊட்டியில இருக்காரு, அவர்கிட்ட விசாரிங்க. சேர்க்கைக் கட்டணம், ஃபைல் சார்ஜ்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டா எழுந்து வந்துருங்க.

அசலை குறைக்க சொல்லி ஆரம்பிக்கிறது

கட்ட முடியிற ஆளுக்கு வட்டி, தவணைக் காலம், அபராதம் இதுலதான் பேச்சு நகரும். அசல்ல கழிச்சு முடிச்சா சிபில்ல "செட்டில்டு"ன்னு விழும், "க்ளோஸ்டு"ன்னு இல்ல. அடுத்து வண்டி லோன் கேக்குறப்ப பேங்க்காரர் கண்ணுல முதல்ல படுறதே அதுதான்.

வாய் பேச்சுல முடிச்சுக்கறது

பேசி முடிச்சதை எழுதின பேங்க் லெட்டர் கைக்கு வராம அந்த செட்டில்மென்ட் காசை கட்டாதீங்க.

கடனை மறைக்கிறது

நகை லோன், குழு லோன், கைமாத்து எல்லாத்தையும் ஆலோசகர்கிட்ட சொல்லிருங்க. ஒருத்தங்க குழுத் தவணையை சொல்லாம விட்டதால, பேசி வாங்கின ஈஎம்ஐ ரெண்டாவது மாசமே பவுன்ஸ் ஆயிருச்சு, அதுக்கப்புறம் அந்த பேங்க் எங்க போனை எடுக்கவே ஒரு மாசம் ஆச்சு.