கருமாதிக் கணக்கும் வருஷத் திதியும்: டர்பனில் தவறுவது எங்கே

சாவு வீட்டில் நாள் குறிக்க முதன்முறை உட்காரும் இளையவர்கள் சறுக்கும் இடங்கள் மாறுவதே இல்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் குழப்புவோரை விட்டுவிடலாம். அதை வீட்டுப் பெரியவர்களே திருத்திவிடுவார்கள். யாரும் கவனிக்காமல் வருஷக்கணக்கில் தொடரும் பிழைகள்தான் இங்கே.

தகனத்திலிருந்து எண்ணுவது

உயிர் பிரிந்த நாளே முதல் நாள். இங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துசேரும்வரை உடலை வைத்திருப்பதால் தகனம் மூன்று நான்கு நாள் தள்ளிப்போகும். அதற்காகப் பதினாறு தள்ளாது. இறந்த தேதியோடு 15 கூட்டினால் பதினாறாம் நாள். 16 கூட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

விடியுமுன் இறந்தவருக்கு மட்டும் வழக்கம் ஒன்றல்ல. பஞ்சாங்க நாள் உதயத்தில் தொடங்குவதால் சிலர் முந்தின தேதியை முதல் நாளாகக் கொள்வார்கள். சிலர் இரவின் கடைசிப் பங்கை மறுநாளோடு சேர்ப்பார்கள். காரியம் செய்துவைப்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சென்னை நேரத்தை அப்படியே படிப்பது

இதுதான் ஆகப் பெரிய கோளாறு. இத்தனை வருஷம் சொல்லியும் ஓயவில்லை என்பதுதான் எரிச்சல்.

சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அது முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே, கடிகாரம்தான் வேறு. தென்னாப்பிரிக்கா இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். கோடை நேர மாற்றம் இங்கே இல்லாததால் ஆண்டு முழுவதும் அதே வித்தியாசம். சென்னைப் பஞ்சாங்கத்தில் உள்ள முடிவு நேரத்திலிருந்து மூன்றரை மணியைக் கழித்துவிட்டுத்தான் இறந்த நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

2024 தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 25, வியாழன். பௌர்ணமி இந்திய நேரம் இரவு 11.24 வரை. அன்றிரவு 9 மணிக்கு டர்பனில் ஒருவர் தவறியதாக வைத்துக்கொள்ளுங்கள். காலண்டரைப் பார்த்தவர் "11.24 வரை பௌர்ணமிதானே" என்று எழுதிவிடுவார். ஆனால் டர்பன் கடிகாரப்படி பௌர்ணமி 7.54க்கே முடிந்துவிட்டது. அவருடைய திதி தை மாதத் தேய்பிறைப் பிரதமை.

ஒரு நாள்தானே பிசகு என்று தோன்றும். அடுத்த வருஷத்தைப் பாருங்கள். 2025இல் தை பிறந்தது ஜனவரி 14. அன்று டர்பனில் நள்ளிரவு தாண்டி 12.27க்குப் பௌர்ணமி முடிந்து பிரதமை தொடங்கி, பிற்பகல் முழுவதும் நின்றது. ஆக, திதி பொங்கலன்றே வந்துவிட்டது. அடுத்த பிரதமை பிற்பகல் முழுதும் நின்றது பிப்ரவரி 13. அது மாசி 1, இறந்த மாதமான தையின் கணக்கில் சேராது. பௌர்ணமி என்று எழுதிவைத்த வீட்டிலோ தை மாதத்துப் பௌர்ணமியைத் தேடிப் பிப்ரவரி 12க்குப் போயிருப்பார்கள். ஒரு மணி நேரச் சொச்சப் பிழை, படையல் 29 நாள் தாமதம்.

கைப்பேசிப் பஞ்சாங்கத்தில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. அதில் ஊர் டர்பன் என்று இருந்தால் நேரம் ஏற்கனவே மாற்றப்பட்டிருக்கும். மறுபடி கழித்தால் கெட்டது. எந்த ஊர் என்று சந்தேகம் வந்தால் சூரிய உதயத்தைப் பாருங்கள். ஜனவரிக் கடைசியில் டர்பனில் உதயம் ஐந்தேகால் வாக்கில், சென்னையில் ஆறரைக்கு மேல்.

தேதி மட்டும் குறிப்பது

மணி இல்லாமல் திதி இல்லை. வார்டில் நர்ஸ் சொன்ன நேரத்தை அன்றே எழுதுங்கள்.

காலைத் திதியைப் பார்த்து வருஷம் வைப்பது

இறந்த நேரத்துத் திதியைக் கண்டுபிடித்த பிறகு, வருஷா வருஷம் அது எந்த நாளில் பிற்பகலில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். பகலை ஐந்தாக வகுத்தால் நாலாவது பங்கு அபராண்ணம். உதயமும் அஸ்தமனமும் ஆறு ஆறு என்றால் மதியம் 1.12 முதல் 3.36 வரை. டர்பனில் ஜூன் மாதப் பகல் பத்து மணி நேரச் சொச்சம், டிசம்பரில் பதினான்கு. அதனால் உள்ளூர் உதயம் அஸ்தமனத்தை வைத்தே வகுக்க வேண்டும். தினசரிக் காலண்டர் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பது காலை உதயத்துத் திதியாகவே இருக்கும். அது மதியத்துக்கு முன்பே முடிந்தால் அந்த நாள் உங்களுடையதல்ல.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவது

மேலே சொன்னவருக்குப் பதினாறு பிப்ரவரி 9, வெள்ளி. விருந்தைப் பதினொன்றுக்கு மாற்றுவது குடும்பத்தின் வசதி. ஆனால் அந்த ஞாயிறின் திதியை வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே தமிழ் மாதத்தில் அந்தத் திதி இரண்டு முறை வந்தால்

பிந்தியது.