டிஷ் இணைப்பை வேறு ஊருக்கு மாற்ற மெயில் எழுதுவது எப்படி? (பழைய எண் மாறாமல்)

இந்தத் தையில் அக்கா குடும்பம் திருவையாற்றிலிருந்து மயிலாடுதுறைக்கு வீடு மாறியது. டிஷ் இணைப்பை மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்துக்கு மெயில் எழுதிக் கொடுத்தது நான். சில வருடங்களுக்கு முன்பு தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வந்தபோது அவர்கள் மெயில் எதுவும் போடவில்லை, தெருமுனை டீலரிடம் வாயால் சொன்னதோடு சரி. "பழசைக் கழற்றி மாட்டுற செலவுக்குப் புதுசே போட்டுடலாம்கா" என்று அவர் புது பாக்ஸோடு புது இணைப்பே போட்டுவிட்டார். ஆறு மாதத்துக்குக் கட்டியிருந்த பழைய ரீசார்ஜில் நாலு மாதம் அப்படியே வீணானது. போதாக்குறைக்கு, அத்தான் தன் போனில் பதிந்திருந்த பழைய எண்ணுக்கே அடுத்த ரீசார்ஜையும் போட்டார். பாக்ஸே இல்லாத எண்ணுக்குப் பணம் போனது.

கட்டிய பணம், எடுத்திருக்கும் சேனல் பேக், பதிந்த மொபைல் எண் எல்லாமே சந்தாதாரர் எண்ணோடு கட்டப்பட்டவை. வீட்டில் இருக்கும் பாக்ஸும் அந்த எண்ணோடுதான் இணைக்கப்பட்டிருக்கும். மாடியில் நிற்கும் தட்டுக்கும் வயருக்கும் இந்தக் கணக்கோடு சம்பந்தமில்லை. அவற்றை மாற்றினாலும் எண் மாறாது. ஆகவே மெயிலில் நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இதே பாக்ஸ், இதே எண், முகவரி மட்டும் புதிது.

எழுதுவதற்கு முன்: எண்ணைச் சரிபார்க்க வேண்டும்

புதிதாக எழுதுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். அது பாக்ஸின் வரிசை எண்ணாகவோ, கார்டு எண்ணாகவோ இருக்கும். ரீசார்ஜ் செய்யும்போது எந்த எண்ணைத் தட்டுகிறோமோ அதுதான் சந்தாதாரர் எண். ரீசார்ஜ் ஆனதும் வரும் எஸ்.எம்.எஸ்ஸில் இருக்கும், டிவியில் ரிமோட்டின் மெனுவில் கணக்கு விவரம் பார்த்தாலும் தெரியும். இரண்டிலும் பார்த்து ஒன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, கணக்கில் பதிந்த மொபைல் எண் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா? அக்கா கணக்கில் இருந்தது அத்தானின் பழைய சிம். ஓ.டி.பி. அதற்குத்தான் போகும் என்பதால் முதலில் அதை மாற்றிய பிறகே முகவரி வேலையைத் தொட்டோம். இணைப்பு ரீசார்ஜோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயில் அனுப்புவதும் நல்லது. ரீசார்ஜ் தீர்ந்து கிடக்கும் பாக்ஸில், புது வீட்டில் தட்டை மாட்டினாலும் சேனல்கள் வருகின்றனவா என்று பார்க்க முடியாது. வீடு மாற நடுவில் சில மாதம் இடைவெளி இருந்தால், இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

புது வீட்டு மாடியை ஒரு தடவை பாருங்கள்

செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன. நமக்கு அது தெற்கே. நிறுவனத்தைப் பொறுத்துத் தட்டு தெற்கிலிருந்து கிழக்கு வரை ஏதோ ஒரு பக்கம் பார்க்கும். பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் தட்டு இருந்தால் அது பார்க்கும் திசையைக் கவனியுங்கள். தட்டு நிமிர்ந்து நிற்பது போலத் தெரிந்தாலும், அது வாங்கும் சிக்னல் நாம் நினைப்பதைவிட உயரத்திலிருந்து வருகிறது. அதனால் தூரத்து மரம் தடையில்லை. சுவரை ஒட்டி நிற்கும் தென்னை, காற்றில் ஓலை ஆடும்போதெல்லாம் படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும். நம் பக்கம் கொல்லையில் தென்னை இல்லாத வீடு குறைவு என்பதால் இதை மெயிலிலேயே சொல்லிவிட்டால், வருகிறவர் அதற்கேற்ற கம்பமும் வயரும் எடுத்து வருவார். வாடகை வீடு என்றால் மாடியில் துளை போட வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

மெயில்

கணக்கில் பதிந்த மெயில் முகவரியிலிருந்தே, நிறுவனத்தின் இணையதளத்தில் வாடிக்கையாளர் சேவைக்கென்று கொடுத்திருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். அவர்கள் பக்கம் இந்த வேலைக்குப் பெயர் ரீலொகேஷன், ஆகவே தலைப்பில் அந்தச் சொல் இருக்கட்டும். அக்காவுக்காக எழுதியது இது. பெயர், எண், தெரு இவற்றை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.

> பொருள்: ரீலொகேஷன் வேண்டுகோள் – சந்தாதாரர் எண் ________ – எண் மாறக் கூடாது
>
> வணக்கம்.
>
> என் பெயர் ________. சந்தாதாரர் எண் ________. பதிந்த மொபைல் எண் ________.
>
> இந்த இணைப்பைப் பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்.
>
> பழைய முகவரி: ________ தெரு, திருவையாறு, தஞ்சாவூர் மாவட்டம் – 613204.
> புது முகவரி: ________ தெரு, மயிலாடுதுறை, மயிலாடுதுறை மாவட்டம் – 609001. அடையாளம்: ________.
>
> இது புது இணைப்புக்கான வேண்டுகோள் அல்ல. இப்போதுள்ள பாக்ஸையே பயன்படுத்துவோம். சந்தாதாரர் எண், மீதித் தொகை, சேனல் பேக் மூன்றும் அப்படியே தொடர வேண்டும்.
>
> தட்டையும் பாக்ஸையும் பழைய வீட்டில் ________ தேதி கழற்றி, புது வீட்டில் ________ தேதிக்குப் பிறகு மாட்ட வேண்டும். புது வீடு ஒரு மாடிக் கட்டடம். தென்கிழக்கு மூலையில் தென்னை மரம் இருக்கிறது.
>
> கழற்ற, மாட்ட, வயருக்கு என்று ஆகும் கட்டணத்தைத் தனித்தனியாக, ஆள் வருவதற்கு முன் பதில் மெயிலில் தெரிவிக்கவும். வேண்டுகோள் எண்ணையும் தரவும்.
>
> நன்றி.

"இது புது இணைப்புக்கான வேண்டுகோள் அல்ல" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர் உள்ளூர் டீலரின் ஆளாக இருப்பார். அவர் புது பாக்ஸ் போடலாம் என்று ஆரம்பித்தால், நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டியது இந்த வரிதான். கட்டணத்தை முன்பே எழுத்தில் கேட்பதும் அதற்காகவே. எழுத்தில் வந்த தொகைக்கு மேல் கேட்டால், எதற்கு என்று கேட்க நமக்கு இடம் இருக்கும்.

மாவட்டம் பற்றி ஒன்று. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-இல்தான். சில நிறுவனங்களின் பட்டியலில் அந்த ஊர் இன்னும் நாகப்பட்டினத்தின் கீழேயே இருக்கலாம். பதில் மெயிலில் அப்படி வந்தால் பதற வேண்டாம், அஞ்சல் குறியீடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் நகலை அவர்கள் கேட்காமல் நீங்களாக இணைக்க வேண்டாம்.

அனுப்பிய பிறகு

வேண்டுகோள் எண் வரவில்லை என்றால் இரண்டு நாள் பார்த்துவிட்டு, அதே மெயிலுக்குக் கீழேயே பதிலாக இன்னொன்று போடுங்கள். புதிதாகத் தொடங்கினால் முதல் மெயில் போன தேதி கண்ணில் படாது. அதற்கும் பதில் இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசிப் புகாராகப் பதியச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி புகாருக்கு எண் தர வேண்டும், தீராத புகாரைக் கொண்டுபோக நோடல் அதிகாரி ஒருவரும் இருக்க வேண்டும். அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும்.

தட்டு மாட்டும் நாளில், படம் வந்துவிட்டது என்றதும் காசைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மெனுவில் கணக்கு விவரத்தைத் திறந்து, எண் பழையதுதானா, மீதித் தொகை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வந்தவர் வேலையை முடித்ததாகக் காட்ட ஓ.டி.பி. கேட்டால், இவை சரியாக இருந்த பிறகே சொல்லுங்கள். அந்த எஸ்.எம்.எஸ். எதற்காக வந்தது என்பதையும் படித்துவிடுங்கள். புது இணைப்புக்கு என்று இருந்தால் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டாம்.

அக்கா வீட்டில் எண் மாறவில்லை, ஆனால் செயலியில் முகவரி இரண்டு வாரம் கழித்தும் திருவையாறு என்றே காட்டியது. தட்டை மாட்டுவது ஒரு வேலை, கணக்கில் முகவரியைத் திருத்துவது இன்னொரு வேலை. அதே மெயிலுக்குக் கீழே, "வேலை முடிந்தது, கணக்கில் முகவரியையும் மாற்றவும்" என்று இன்னொரு வரி எழுதினோம். மறுநாள் மாறியது.