ஆங்கிலத்தில் எழுதினோம், சிங்களத்தில் பதில் வந்தது: அடுத்து?

கிளிநொச்சியிலிருந்து கச்சான் விற்க, தம்புள்ளைக் கடைக்காரர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் வட்ஸ்அப் அனுப்புகிறீர்கள். சிங்களத்தில் பதில் வருகிறது. இது நல்ல அறிகுறிதான், ஆர்வமில்லாதவர் பதிலே போடமாட்டார். ஆங்கிலத்திலேயே மறுபடி எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடக்கூடும்.

அவருடைய மொழியில் மூன்று நான்கு சின்ன வரிகள் எழுதுங்கள், அதே விஷயத்தைக் கீழே ஆங்கிலத்திலும் போடுங்கள். முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: "இதை மொழிபெயர்த்து எழுதுகிறேன், தொலைபேசியில் தமிழோ ஆங்கிலமோ பேசுவேன்." இல்லாவிட்டால் உங்களுக்குச் சிங்களம் சரளம் என்று நினைத்து அழைப்பார், நீங்கள் திணறுவீர்கள்.

விலை, எடை, திகதி மூன்றையும் இலக்கத்தில் தனி வரிகளாக எழுதுங்கள். "ஒரு மூட்டை" என்று மட்டும் போட வேண்டாம், "50 கிலோ மூட்டை, கிலோ விலை இவ்வளவு, லொறிக்கூலி உங்களுடையது" என்று பிரித்து எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் கூலியில்தான்.

மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதியதைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். கூலி யாருடையது என்பது தலைகீழாகியிருந்தால் வசனத்தை இன்னும் சுருக்கி எழுதுங்கள்.

அவர் சிங்களத்தை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தால் செயலி அடிக்கடி தடுமாறும். அப்போது வவுனியாப் பக்கம் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதற்கு நேரம் எடுக்குமென்றால், "பார்த்தேன், மாலைக்குள் விலை அனுப்புகிறேன்" என்று சிங்களத்தில் ஒரு வரி உடனே போட்டுவிடுங்கள்.